வாரம் இரண்டு நாள் ஜிம், கிரியேட்டின் எத்தனை நாள்?

"சேர், எனக்கு 34 வயது, நிறை 68 கிலோ. வீடு செட்டிகுளம், வேலை வவுனியா ரவுணில். பஸ் நேரம் ஒத்துவராததால் புதனும் ஞாயிறும் மட்டும்தான் ஜிம்முக்குப் போகிறேன், ஒன்றரை வருடமாக. கிரியேட்டின் வாங்கலாமா என்று கேட்டதற்கு மாஸ்டர், 'கிழமையில ரெண்டு நாள் வாற ஆளுக்கு அது காசைக் கரைக்கிற வேலை' என்கிறார். கூட வருகிற பெடியன், 'ஜிம் நாளில மட்டும் குடியுங்கோ அண்ணை, ஒரு ரின் அரை வருசம் தாண்டும்' என்கிறான். யார் சொல்வது சரி? பெரியப்பாவுக்குக் கிட்னி வருத்தம் இருப்பதால் அம்மா அதைத் தொடவே வேண்டாம் என்கிறா."
— வாசகர், செட்டிகுளம்

தம்பி, மாஸ்டரும் பெடியனும் எதிரெதிராகக் கதைப்பதுபோல் இருந்தாலும் இரண்டு பேரும் விட்ட பிழை ஒன்றுதான். கிரியேட்டினை பிளேன்ரீ மாதிரி நினைக்கிறார்கள், குடித்த அன்றைக்கு வேலை செய்து அன்றைக்கே முடிந்துபோகும் சாமான் என்று. அம்மா சொல்வது வேறு விசயம், அதற்குக் கடைசியில் வருகிறேன். மூன்று பேரில் அம்மாவின் கேள்விதான் கனமானது.

பாரம் தூக்கும்போது தசை செலவழிப்பது ஏடிபி என்ற சக்திப்பொருள். கையிருப்பில் உள்ள ஏடிபி இரண்டு மூன்று செக்கனுக்குத்தான் காணும். அது தீரத் தீர உடனே திருப்பிச் செய்துகொடுப்பது பொஸ்போகிரியேட்டின். முழு மூச்சில் வேலை செய்தால் அதுவும் பத்துச் செக்கனில் பெரும்பகுதி இறங்கிவிடும். பிறகு மூன்று, நான்கு நிமிடம் ஆறியிருந்தால் திரும்ப ஏறிவிடும். நீங்கள் ரின்னில் வாங்கும் கிரியேட்டின் மா இந்தக் கையிருப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. அது செய்யும் வேலை அவ்வளவுதான்.

கையிருப்பு எவ்வளவு? 70 கிலோ ஆளின் உடம்பில் ஏறத்தாழ 120 கிராம் கிரியேட்டின் உண்டு, அதில் 95 வீதம் தசைக்குள். ஒவ்வொரு நாளும் 2 கிராம் அளவு தானாகச் சிதைந்து சிறுநீரில் போகிறது. அதில் ஏறக்குறைய பாதியை உடம்பே செய்துகொள்ளும், மீதியை மீனும் இறைச்சியும் தரும். மீனை மட்டும் நம்பி 5 கிராம் எடுப்பதென்றால் நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். முல்லைத்தீவில் சம்மாட்டி வீட்டில் பிறந்தாலும் அது நடக்காது.

இதை உங்கள் ஊர்க் குளத்தை வைத்து நினைத்துப் பாருங்கள். துருசைத் திறப்பது புதனும் ஞாயிறும்தான் என்பதற்காக மழை அந்த இரண்டு நாளில் மட்டும் பெய்தால் போதுமா? குளம் நிரம்பியிருந்தால் எந்த நாள் திறந்தாலும் தண்ணீர் வரும். நிரம்பிய பிறகு விழும் மழை வான் பாய்ந்து போய்விடும். கிரியேட்டினும் அப்படியே, தசை நிரம்பினால் மிச்சம் சிறுநீரில் போகும்.

குளம் எவ்வளவு வேகமாக நிரம்பும், எவ்வளவு வேகமாக வற்றும் என்பதை 1996இல் சுவீடன் ஆய்வாளர்கள் தசையில் துணுக்கு எடுத்தே அளந்தார்கள். நாளுக்கு 20 கிராம் வீதம் ஆறு நாள் எடுத்தவர்களின் தசையில் கிரியேட்டின் 20 வீதம் அளவு கூடியது. நாளுக்கு 3 கிராம் மட்டும் எடுத்தவர்களும் 28 நாளில் அதே மட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நிரம்பிய பிறகு நாளுக்கு 2 கிராம் எடுத்தவர்களுக்கு அது அப்படியே நின்றது. ஒன்றும் எடுக்காமல் விட்டவர்களுக்குப் பழைய நிலைக்கு இறங்க ஒரு மாதம் அளவு பிடித்தது.

இந்தக் கடைசி வரிதான் உங்களுக்கு முக்கியம். வற்ற ஒரு மாதம் எடுக்கும் குளம் ஞாயிறுக்கும் புதனுக்கும் இடையில் வற்றப் போவதில்லை. எனவே எத்தனை நாள் ஜிம் என்பது எத்தனை நாள் கிரியேட்டின் என்பதைத் தீர்மானிக்காது. நாள்தோறும் எடுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் அடுத்த நாள் இரட்டிப்பாகக் குடித்துச் சமாளிக்கவும் தேவையில்லை.

பெடியனின் கணக்கைப் பார்ப்போம். ஜிம் நாளில் மட்டும் 5 கிராம் என்றால் கிழமைக்கு 10 கிராம். ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஒன்றரைக் கிராமும் இல்லை. நிரம்பிய குளத்தை நிரம்பினபடி வைத்திருக்க அந்த ஆய்வில் கொடுத்ததே 2 கிராம். இது அதற்கும் கீழே, அதுவும் இன்னும் நிரம்பாத குளத்துக்கு. முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். வேலை செய்த தசை கூடுதலாக உறிஞ்சும் என்பது 1992இலேயே ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வில் தெரிந்தது, பயிற்சி செய்த காலில்தான் கிரியேட்டின் அதிகம் ஏறியிருந்தது. ஆனாலும் அந்த வழியில் குளம் மெதுவாகத்தான் ஏறும், நிரம்புமா என்பதும் நிச்சயமில்லை.

காசை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. 300 கிராம் ரின் என்று வையுங்கள். முதல் 28 நாள் 3 கிராம் வீதம் எடுத்தால் 84 கிராம் முடியும். மிச்சம் 216 கிராம். அதன் பிறகு நாளுக்கு 2 கிராம் வீதம் எடுத்தால் 108 நாளுக்கு வரும். மொத்தம் நாலரை மாதம், அதில் முதல் மாதம் போக மற்றதெல்லாம் நிரம்பிய குளத்தோடு. பெடியனின் வழியில் ரின் ஏழு மாதம் போகும், உண்மைதான். ரின் எத்தனை நாள் இருந்தது என்பதையா நாம் பார்க்கிறோம்? உங்களைவிடப் பெரிய உடம்புக்காரர் என்றால் பிறகும் 3 முதல் 5 கிராமிலேயே நிற்கலாம்.

"லோடிங்" என்று நாளுக்கு 20 கிராம் குடிக்கும் பழக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் யாராவது சொல்லுவார்கள். அவசரமாக நிரப்பினால் ஒரு கிழமையில் நிரம்பும், ஆறுதலாக நிரப்பினால் நாலு கிழமை. வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்பவருக்கு இடையில் 18 பயிற்சிகள் போகும். உங்களுக்குப் போவது ஆறே ஆறு. அந்த ஆறுக்காக வயிற்றைக் கலக்கிக்கொண்டு, தராசில் திடீரென்று ஒன்று இரண்டு கிலோ தண்ணி ஏறுவதைப் பார்த்துப் பயந்து, ரின்னில் கால்வாசிக்கு மேல் ஒரு கிழமையில் முடிக்கத் தேவையில்லை. வாரம் இரண்டு நாள் என்பது உண்மையிலேயே ஒரு முடிவை மாற்றும் இடம் இதுதான்.

சரி, மாஸ்டரின் வாதத்துக்கு வருவோம். அவர் சொல்வதிலும் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. கிரியேட்டின் தானாகத் தசை கட்டாது. இரண்டாவது, மூன்றாவது செட்டில் கை விடும் இடத்தில் இன்னொரு தூக்குத் தூக்க விடும். அந்த மேலதிகத் தூக்குகள் மாதக்கணக்கில் சேர்ந்துதான் பலம் ஆகிறது. ஆகவே எத்தனை கடினமான செட் செய்கிறீர்களோ அத்தனை இடத்தில்தான் அதற்கு வேலை. ஆறு பயிற்சி, ஒவ்வொன்றிலும் மூன்று செட், வாரம் இரண்டு நாள் என்றால் 36 செட். அதில் பாதியில் ஒரு தூக்குக் கூடினால் கிழமைக்கு 18. நாலு நாள் வருபவருக்கு 36 கிடைக்கும். உங்களுக்குச் சேர்வது அவரைவிடக் குறைவு என்பது சரி. ஒன்றும் சேராது என்பது பிழை.

அதோடு ஆய்வுகளில் இருந்தவர்கள் எல்லாரும் தினமும் ஜிம்மில் கிடந்தவர்கள் என்று மாஸ்டர் நினைக்கிறார் போல. 2017இல் 22 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 721 பேர், ஆய்வுக்கு ஆய்வு அவர்களின் சராசரி வயது 57க்கும் 70க்கும் இடையில். பயிற்சி வாரம் இரண்டு அல்லது மூன்று நாள்தான். கிரியேட்டின் எடுத்தவர்களுக்கு, சும்மா மா குடித்தவர்களைவிட, கொழுப்பில்லாத நிறை சராசரியாக 1.37 கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. அதில் ஒரு பங்கு தசைக்குள் சேர்ந்த தண்ணீராகவும் இருக்கலாம், எனவே அதை அப்படியே தசை என்று எடுக்கமாட்டேன். ஆனால் நெஞ்சுப் பயிற்சியிலும் காலால் தள்ளும் பயிற்சியிலும் அவர்களின் பலமும் கூடியிருந்தது. தண்ணீர் பாரம் தூக்காது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த இரண்டு நாளும் உண்மையான இரண்டு நாளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு செட்டும் இன்னும் ஒன்று, மிஞ்சினால் மூன்று தூக்குத்தான் முடியும் என்ற நிலையில் நிற்க வேண்டும். இன்னும் ஏழு எட்டு முடியும் என்ற இடத்தில் பாரத்தை வைத்துவிட்டுப் போனைப் பார்க்கிற ஆளுக்கு, நாலு நாள் வந்தாலும் இந்த மா செய்வதற்கு ஒன்றுமில்லை, அவர் பழைய கையிருப்பையே முடிக்கவில்லை. புதன் நெஞ்சு, ஞாயிறு கால் என்று உடம்பைப் பிரித்துச் செய்கிறீர்கள் என்றால் அதையும் மாற்றுங்கள். ஒவ்வொரு தசைக்கும் கிழமையில் இரண்டு தரம் வேலை வருகிற மாதிரி இரண்டு நாளும் முழு உடம்பு. கனமான செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடம் ஆறுங்கள், அந்த மூன்று நிமிடத்தில்தான் பொஸ்போகிரியேட்டின் திரும்ப ஏறுகிறது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று 40 செக்கனில் அடுத்ததைத் தொடங்கினால் அரைக் குளத்தோடுதான் தொடங்குகிறீர்கள். நேரம் போதாவிட்டால் ஒரு பயிற்சியைக் குறையுங்கள், ஆறுதலைக் குறைக்காதீர்கள்.

வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? கண்ணாடியில் தெரியாது. ஒரு கொப்பி வாங்குங்கள். என்னிடம் வருபவர் ஒருவர் ஒட்டுசுட்டான் பக்கம், அவரும் இரண்டு நாள்காரர். ரின்னை உடைக்கும் முன் நாலு கிழமை எழுதச் சொன்னேன். பெஞ்ச் பிரஸ்ஸில் 50 கிலோவை 10, 8, 6 என்று தூக்கினார், நாலு கிழமையும் ஏறத்தாழ அதேதான். பிறகு நாளுக்கு 3 கிராம் தொடங்கினார். முதல் மூன்று கிழமை பெரிதாக ஒன்றுமில்லை, ஆள் சலித்துப்போய் தொலைபேசி எடுத்தார். ஆறாவது கிழமை 10, 9, 8. முதல் செட் அசையவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறி வந்த தசைக்கு முதல் செட்டில் குறை இல்லை. மாற்றம் வருவது பின் செட்டுகளில். அதனால் கொப்பியில் பார்க்க வேண்டிய எண் மூன்றாவது செட்டின் எண்.

இரண்டு நாள்காரருக்கு இதில் ஒரு சிக்கலும் உண்டு. மாதத்துக்கு எட்டு, ஒன்பது பயிற்சிதான் என்பதால் ஒரு கெட்ட நாள் முழு மாதத்தையும் கெட்டதாகக் காட்டும். முதல் நாள் வயலில் நெல் மூடை ஏற்றியிருப்பீர்கள், நித்திரை குறைந்திருக்கும், ஜிம் தகரக் கூரையின் கீழ் கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடாதீர்கள், கிரியேட்டின் தொடங்கும் முன்னான நாலு கிழமையை, தொடங்கிய பின் ஐந்தாம் கிழமை முதல் எட்டாம் கிழமை வரையான நாலு கிழமையோடு ஒப்பிடுங்கள். அறுவடைக் கிழமைகளைக் கணக்கில் விடுங்கள். எட்டுக் கிழமை ஒழுங்காக எடுத்தும் எண் அசையவில்லையா, நிற்பாட்டிவிடுங்கள். தினமும் நிறைய மீன் இறைச்சி சாப்பிடும் சிலருக்குக் குளம் ஏற்கெனவே வான்மட்டத்துக்குக் கிட்ட நிற்கும், அவர்களுக்கு ஏற இடமில்லை. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்குத்தான் வித்தியாசம் வடிவாகத் தெரியும்.

குடிக்கும் முறை பெரிய விசயமில்லை. சாதாரண மொனோஹைட்ரேட் போதும், விலை கூடிய வேறு பெயர்கள் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் மண் மாதிரி அடியில் நிற்கும், இளஞ்சூடான பிளேன்ரீயில் நன்றாகக் கரையும். காலையில் தேசிக்காய்த் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் கொண்டுபோய்ப் பின்னேரம் குடிக்காதீர்கள், புளிப்பிலும் வெக்கையிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். ரின்னுக்குள் இருக்கும் கரண்டியையும் நம்பிவிடாதீர்கள். நான் முதன்முதல் வாங்கிய ரின்னில் இருந்த கரண்டி 5 கிராம் என்று நினைத்து இரண்டு மாதம் குடித்தேன், பிறகு நகைக்கடைத் தராசில் நிறுத்தால் 3 கிராம். நல்ல காலம், 3 கிராமே போதுமாக இருந்தது.

இப்போது அம்மாவின் கேள்வி. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் சிறுநீரகத்தைக் கெடுத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் நாங்கள் இருக்கும் இடத்தை மறக்கக் கூடாது. பதவியா, மதவாச்சிப் பக்கம் விவசாயிகளிடம் காணும், காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. அது நீரிழிவோ பிறஷரோ இல்லாதவர்களுக்கும் வருகிறது, ஆரம்பத்தில் வலியும் வீக்கமும் காட்டாது, சிறுநீரில் புரதம் போவதும் குறைவு. எனவே "எனக்கு ஒன்றுமில்லை" என்ற உணர்வு இங்கே சான்று ஆகாது. பெரியப்பாவுக்கு வந்திருக்கிறது, ஒரே ஊர், ஒரே வயல், ஒருவேளை ஒரே கிணறு. ரின்னை உடைக்கும் முன் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பார்த்துவிடுங்கள். அதில் குறை தெரிந்தால் கிரியேட்டின் வேண்டாம், அம்மா சொன்னதுதான் சரி, நேரே கிளினிக்குக்குப் போங்கள்.

நல்லதாக வந்தால் தொடங்கலாம், ஆனால் அந்தப் பரிசோதனைத் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஏனென்றால் பிறகு ஒரு குழப்பம் வரும். கிரியேட்டின் சிதைந்தால் வருவது கிரியேட்டினின், பெயரில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். ஆய்வுகூடம் சிறுநீரகத்தை மதிப்பிடுவது இந்தக் கிரியேட்டினினை வைத்துத்தான். குளத்தில் நீர் கூடினால் கசிவும் கொஞ்சம் கூடும். உங்களுக்குத் தொடங்கும் முன் டெசிலீற்றருக்கு 0.9 மில்லிகிராம் இருந்தது என்று வைப்போம். 34 வயது ஆணுக்கு அதை வைத்துக் கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டல் 115 என்று வரும். இரண்டு மாதம் கழித்து 1.1 என்று வந்தால் அதே கணக்கு 90 என்று காட்டும். தாளில் 25 புள்ளி விழுந்திருக்கிறது, சிறுநீரகத்துக்கு ஒன்றும் நடக்காமலே அப்படி விழலாம். முதல் துண்டு இல்லாவிட்டால் டொக்டருக்கு எது பழைய மட்டம் என்றே தெரியாது. கிரியேட்டின் எடுப்பதை நீங்கள் சொல்லாவிட்டால் அவர் வீணாகப் பயப்படுவார். அதைவிட மோசம், உண்மையான விழுதலை நீங்களே "அது மாவால்தான்" என்று தட்டிக்கழித்துவிடலாம்.

அப்படி வந்தால் ரின்னை மூடிவைத்துவிட்டு நாலு, ஐந்து கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள். குளம் பழைய மட்டத்துக்கு இறங்கியிருக்கும். எண்ணும் 0.9க்குத் திரும்பினால் காரணம் மாதான். திரும்பாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும், அதற்கு டொக்டர் சிஸ்ரற்றின் சி என்ற பரிசோதனை எழுதலாம், அது கிரியேட்டினைப் பொறுத்து மாறாது. இடையில், ஜிம் முடிந்து உடம்பு நோகிறது என்று டைக்ளோபினாக் போட்டுக்கொண்டு மறுநாள் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலில் நிற்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள். என் கணக்கில் உங்கள் சிறுநீரகத்துக்கு அது மூன்று கிராம் மாவைவிடப் பெரிய எதிரி.

இரத்தம் கொடுக்கும் நாளையும் பார்த்து எடுங்கள். கடும் பயிற்சியும் முதல் நாள் இரவு வயிறுமுட்டச் சாப்பிட்ட இறைச்சிக் கறியும் கிரியேட்டினினைத் தற்காலிகமாக ஏற்றும். உங்களுக்கு வியாழனும் திங்களும் சரிவராது. ஞாயிறு பயிற்சி முடித்தால் புதன் காலையில், ஜிம்முக்குப் போகும் முன் கொடுங்கள். செவ்வாய் இரவு மரக்கறிச் சாப்பாடு.